விருந்து வேறு, சுற்றம் வேறு

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

வெள்ளிக்கிழமை அன்னதானத்துக்குக் காய்கறி வெட்ட உட்காரும்போது வெங்காயத்தோடு வீட்டுக் கதைகளும் சேர்ந்து உரியும். நம் கோயில் சமையல்கட்டுக்கு வருகிறவர்களுக்கு இது தெரியும். இந்தத் தைப்பூசத்துக்கு முன்னும் பின்னும் மட்டும் மூன்று பேர் என்னிடம் ஏறக்குறைய ஒரே விஷயத்தைக் கேட்டார்கள். ஒருவர் வீட்டில் நாத்தனார் மகன், ஒருவர் வீட்டில் கொழுந்தனார், இன்னொருவர் வீட்டில் சொந்த அண்ணன். "ரெண்டு வாரம்னு வந்தாங்க, இப்ப ஆறு மாசம் ஆச்சு. ஒண்ணும் சொல்ல முடியல, சொல்லாமலும் இருக்க முடியல." எங்கள் வீட்டிலும் ஒருவர் தங்கியிருக்கிறார் என்பது அவர்களுக்குத் தெரியும். சண்டை இல்லாமல் ஓடுகிறது என்பதும் தெரியும். எப்படி என்று கேட்டார்கள். அதைத்தான் எழுதுகிறேன். சம்பந்தப்பட்டவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதிக்கோம்மா, பேர மட்டும் போடாத" என்றார்.

அவர் என் மாமியாரின் உடன்பிறந்த தம்பி. என் வீட்டுக்காரருக்குத் தாய்மாமன், எனக்கு முறைக்குச் சித்தப்பா, பிள்ளைகளுக்குத் தாத்தா. வயது 64. பேராக்கில் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், பிறகு லாரி ஓட்டினார். மனைவி இறந்துவிட்டார். ஒரே மகன் ஜொகூரில் வேலை பார்க்கிறார், வாடகை அறையில் இருக்கிறார். சித்தப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. போன ஆடி மாதம் ஒரு கண் ஆபரேஷனுக்கு இங்கே வந்தார். அது முடிந்து சொட்டு மருந்து, மறுபரிசோதனை, இரண்டாவது கண்ணுக்குத் தேதி என்று நீண்டுகொண்டே போனது. ஐந்தாவது வாரத்தில் ஊரில் இருந்த வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டதாகப் போகிற போக்கில் சொன்னார். அன்றைக்குத்தான் எங்களுக்குப் புரிந்தது: இவர் இனி விருந்தாளி இல்லை.

எங்கள் வீடு செந்தூலில் மூன்று அறை ஃபிளாட். ஒரே குளியலறை. நானும் வீட்டுக்காரரும், மாமியார், ஐந்தாம் படிவத்தில் மகள், இரண்டாம் படிவத்தில் மகன். ஆறாவதாக ஓர் ஆள் வந்தால் எங்கே இடிக்கும் என்று இப்படிப்பட்ட வீட்டில் இருக்கிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அத்தை (மாமியாரை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்) பழைய கதை சொல்வார். மாமனார் செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை செய்தபோது குவாட்டர்ஸ் வீட்டு ஐந்தடியில் எப்போதும் யாராவது பாய் போட்டுப் படுத்திருப்பார்களாம். தோட்டத்திலிருந்து வேலை தேடி வந்த சொந்தம், சொந்தத்தின் சொந்தம். "அப்பல்லாம் யாரு கணக்குப் பாத்தா?" என்பார். கொஞ்சம் கிளறினால் வேறு கதையும் வரும். வேலை கிடைத்த முதல் மாதமே அரிசிக்குக் காசு கொடுத்துவிட வேண்டும், காலை ஷிப்டுக்குப் போகிறவர் எழும்போது பாய் சுருட்டியிருக்க வேண்டும். விதி அன்றைக்கும் இருந்தது. யாரும் அதை விதி என்று சொல்லவில்லை, அவ்வளவுதான்.

திருக்குறளில் ஒரு விஷயத்தைக் கவனித்திருக்கிறீர்களா? விருந்தோம்பல் 9-ஆவது அதிகாரம், அறத்துப்பாலில் இருக்கிறது. சொந்தக்காரர்களை அணைத்து வைத்துக்கொள்ளும் சுற்றந்தழால் 53-ஆவது அதிகாரம், பொருட்பாலில் இருக்கிறது. இரண்டும் ஒன்று என்று வள்ளுவர் நினைக்கவில்லை. இல்வாழ்க்கை அதிகாரத்தில் குடும்பஸ்தன் காக்க வேண்டிய ஐந்து பேரைச் சொல்கிற இடத்திலும் முன்னோர், தெய்வம், விருந்து, சுற்றம் என்று தனித்தனியாக எண்ணிவிட்டு, ஐந்தாவதாகத் தன்னையும் சேர்க்கிறார். அந்த ஐந்தாவது ஆளை நம் பெண்கள் எண்ணுவதே இல்லை.

விருந்து என்றால் வந்தவர் கேட்கும் முன் தட்டில் விழ வேண்டும். மூன்று நாள், ஒரு வாரம், அப்படியே ஓட்டலாம். சுற்றம் என்றால் அவரும் வீட்டின் ஓர் ஆள். அவருக்கும் ஒரு சாவி, ஒரு அலமாரித் தட்டு, ஒரு வேலை, ஒரு பங்கு வேண்டும். விருந்தாளி மரியாதையை ஆறு மாதம் நீட்டினால் வீட்டுக்காரிக்கு மூச்சு முட்டும். வந்தவருக்கும் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருப்பது போலத்தான் இருக்கும். எங்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டில் பத்து மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார்கள். தீபாவளிக்கு முதல் நாள் முறுக்கு சுடும்போது ஒரு ஈரத் துண்டுக்காக வெடித்தது. அந்தப் பெரியவர் ராத்திரியோடு ராத்திரியாகப் பையைத் தூக்கிக்கொண்டு டிபிஎஸ் பஸ் நிலையத்துக்குப் போய்விட்டார். இன்றுவரை அண்ணன் தம்பி பேச்சு இல்லை. அவர் கோபப்பட்டதில் நியாயம் இருக்கிறது. துண்டை அங்கே போடக்கூடாது என்று அவருக்கு யாரும் ஒரு நாளும் சொன்னதில்லையே.

சரி, எங்கள் வீட்டில் என்ன செய்தோம்?

முதலில் யார் பேசுவது என்பதைத்தான் முடிவு செய்தோம். என்ன பேசுவது என்பதைவிட இது பெரிய விஷயம். நான் பேசக்கூடாது. ஏன் என்றால் நான் மருமகள். நான் எவ்வளவு பணிவாகச் சொன்னாலும், "அக்கா வீட்ல மருமக சோத்துக்குக் கணக்கு பாக்குறா" என்றுதான் ஊருக்குப் போய்ச் சேரும். தாய்மாமன் வேறு. காதுகுத்தில் என் வீட்டுக்காரரை மடியில் வைத்திருந்தவர், எங்கள் கல்யாணத்தில் முன்னால் நின்றவர். அந்த உரிமைக்கு முன்னால் பேசுகிற தகுதி அவருடைய அக்காவுக்கு உண்டு, அடுத்து மருமகனுக்கு உண்டு. இரத்த சொந்தம் யாரோ அவர் வாயால் வர வேண்டும். இதை வைத்தே நிறைய வீட்டில் பிரச்சினை பாதியாகக் குறையும் என்று நினைக்கிறேன். வீட்டுக்காரர் வாயை மூடிக்கொண்டு மனைவியைப் பேசவிடுகிற வீடுகளில்தான் அதிகம் உடைகிறது.

அத்தை லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. "என் கூடப் பொறந்தவன்கிட்ட நான் காசு கேக்கறதா? எனக்கு வாய் வராது" என்றார். அதனால் பிரித்துக்கொண்டோம். பழக்கவழக்கம், உடை, பூஜை பற்றி அத்தை. பணமும் குடியும் பற்றி என் வீட்டுக்காரர். நான் இட்லி ஊற்றும் வேலையை எடுத்துக்கொண்டேன்.

நேரமும் பார்த்தோம். பிள்ளைகள் முன்னால் இல்லை, சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் இல்லை, அவர் ஏதாவது செய்து நமக்குக் கோபமாக இருக்கும் நாளில் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பிள்ளைகள் டியூஷனுக்குப் போன பிறகு, கோப்பியோடு. தொடங்கியது அத்தை. விதியில் தொடங்கவில்லை. "தம்பி, நீ ஊட்ட காலி பண்ணிட்ட. இனிமே இது உன் வீடு. வந்தவன் மாதிரி இருக்காத" என்றுதான் தொடங்கினார். மேசை மேல் சாவிக் கொத்தை வைத்தார். கிரில் கதவுச் சாவி, மரக்கதவுச் சாவி, லிஃப்டுக்கான கார்டு. மகன் அறையில் அவருக்குக் காலி செய்து வைத்திருந்த அலமாரித் தட்டைப் பற்றிச் சொன்னார். அதன் பிறகுதான் மற்றது.

சித்தப்பா கொஞ்ச நேரம் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அப்போ என்னைய வெளியாள் மாதிரி வச்சுப் பேசுறீங்க" என்றார். அத்தை விடவில்லை. "வெளியாளுக்குச் சாவி குடுப்பமாடா?" என்றார். அந்த ஒரு கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. கோப்பியை எடுத்துக் குடித்தார்.

இனி ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். உங்கள் வீட்டுக்கு அப்படியே பொருந்தாது, கணக்கு போடும் விதத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பணத்தில் தொடங்குகிறேன், எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். சித்தப்பா காசு கொடுக்காதவர் இல்லை. வரும்போதெல்லாம் ஆப்பிள், பிள்ளைகளுக்குக் கோழி வறுவல், ஒரு நாள் பெரிய மீன். ஒரு வாரம் நான் மனசுக்குள் கூட்டிப் பார்த்தேன், 80 வெள்ளிக்கு மேல் செலவு செய்திருந்தார். ஆனால் அந்த மாதம் கரண்டு பில் 130-லிருந்து 185 ஆகியிருந்தது. பகல் முழுக்க ஆள் வீட்டில் இருக்கிறார், ஃபேன், டிவி, மத்தியானம் ஏர்கோன். கேஸ் தோம்பு ஐந்து வாரம் வந்தது நான்கு வாரத்தில் தீர்ந்தது. 14 கிலோ தோம்பின் அரசாங்க விலை 26 வெள்ளி 60 காசு, மாடிக்குத் தூக்கி வரும் கூலி தனி. அரிசி மூட்டையும் அப்படித்தான். அவர் கணக்கில் அவர் நிறையக் கொடுக்கிறார். எங்கள் கணக்கில் அவர் ஒன்றும் கொடுக்கவில்லை. இரண்டும் உண்மை. சொந்தத்துக்குள் பணச் சண்டை பெரும்பாலும் கஞ்சத்தனத்தால் வருவதில்லை, இப்படி இரண்டு பேரும் இரண்டு விதமாக எண்ணுவதால் வருகிறது.

அதனால், "உங்களால முடிஞ்சதக் குடுங்க மாமா" என்று சொல்லவில்லை. அந்த வாக்கியம் மரியாதையாகத் தெரியும், ஆனால் அதில் தொகையும் இல்லை, தேதியும் இல்லை. என் வீட்டுக்காரர் பில்களை எடுத்து வைத்தார். "மாமா, ஆறு பேருக்கு இவ்வளவு ஆகுது. நீங்க வந்த பிறகு 200 வெள்ளி கூடியிருக்கு. 150 நீங்க போடுங்க, ஒவ்வொரு மாசமும் 5-ஆம் தேதி. மீன், பழம் எல்லாம் வாங்க வேண்டாம். வாங்கினா அது உங்க ஆசைக்கு, இந்தக் கணக்குல சேராது." மகன் மாதம் 500 அனுப்புகிறார் என்பது எங்களுக்குத் தெரியும். மருந்துக்கும் மோட்டாருக்கும் டீக்கடைக்கும் மீதி வேண்டும். முழுக் கூடுதலையும் கேட்கவில்லை. கேட்ட தொகையைக் குறைக்கவும் இல்லை. சித்தப்பா தானே கடைக்குப் போய் ஒரு 555 நோட்டு வாங்கி வந்தார். 5-ஆம் தேதி அவரே எழுதுகிறார், அத்தை கையில் கொடுக்கிறார். அக்கா கையில் கொடுப்பதில் அவருக்கு ஒரு பெருமை இருக்கிறது. என் கையில் கொடுக்கச் சொல்லியிருந்தால் அது வாடகை ஆகியிருக்கும்.

அடுத்தது குளியலறை. சிரிக்காதீர்கள், இதுதான் தினசரிச் சண்டை. சித்தப்பா தோட்டத்துப் பிள்ளை. சின்ன வயதிலிருந்து பெரட்டுக்கு எழுந்த பழக்கம், இன்றும் அஞ்சு மணிக்கு விழிப்பார். ஆனால் மெதுவாக எழுந்து, பல் விளக்கி, கோப்பி குடித்து, ஐந்தே முக்காலுக்கு உள்ளே போனால் ஆறே காலுக்குத்தான் வருவார். அந்த அரைமணி நேரம்தான் பள்ளிக்கும் வேலைக்கும் போகிற மூன்று பேரின் நேரம். "சீக்கிரம் வாங்க" என்று கதவைத் தட்டுவது அவரை அவமானப்படுத்துவது. அதனால் ஆளை வைத்து விதி வைக்கவில்லை, மணியை வைத்து வைத்தோம். ஐந்தே முக்காலிலிருந்து ஆறே முக்கால் வரை வெளியே போகிறவர்களுக்கு. மற்ற நேரம் வீட்டில் இருப்பவர்களுக்கு. அத்தைக்கும் அதே விதி. அவர் ஐந்தரைக்குள் குளித்து விளக்கேற்றிவிடுவார், எனவே சித்தப்பா ஏழு மணிக்கு. யாரையும் குறிவைக்காத விதியை யாரும் மீற விரும்புவதில்லை.

கதவு பூட்டும் நேரமும் அதே மாதிரி. இரவு பத்தரைக்கு கிரில் பூட்டப்படும், எல்லாருக்கும். தாமதம் என்றால் பத்து மணிக்குள் ஒரு போன். தாழ்ப்பாள் சத்தம் கேட்காமல் அத்தைக்குத் தூக்கம் வராது என்ற காரணத்தையும் சொன்னோம். காரணம் தெரிந்தால் 64 வயது மனுஷன் அதை ஊரடங்கு போல எடுத்துக்கொள்ள மாட்டார்.

பெண்பிள்ளை விஷயம். மகள் பாட்டியோடு ஒரு அறையில் படுக்கிறாள். சித்தப்பாவும் மகனும் இன்னொரு அறையில். அத்தை தம்பியிடம் நேராகச் சொன்னார்: "பொம்பளப்புள்ள வளர்ற வீடு தம்பி. குளிச்சிட்டு வெறும் துண்டோட வராத, சட்டைய உள்ள எடுத்துக்கிட்டுப் போ. சாத்தின கதவத் தட்டாமத் திறக்காத." அவர் முகம் சுண்டவில்லை. அவர் காலத்து வீடுகளிலும் இது உண்டு. இதே விதி மகனுக்கும் அவன் அப்பாவுக்கும் சொல்லப்பட்டது. மகளிடம் நான் தனியாகப் பேசினேன். எந்தச் சொந்தமாக இருந்தாலும், எப்போது சங்கடமாக இருந்தாலும் என்னிடம் சொல், நான் நம்புவேன் என்று. சித்தப்பா மேல் சந்தேகத்தால் இல்லை. யார் தங்க வந்தாலும் அன்றைக்கே பிள்ளையிடம் சொல்ல வேண்டிய வார்த்தை இது. மரியாதைக்காக இதைத் தள்ளிப் போடாதீர்கள், சகோதரிகளே.

பூஜையும் விரதமும். எங்கள் வீட்டில் சாமி மேடை ஹாலில்தான். வீட்டுக்காரர் ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் பத்துமலைக்குக் காவடி எடுக்கிறவர், 48 நாள் விரதம். சித்தப்பாவுக்குத் தினம் மீன் வேண்டும். அவரை விரதம் இருக்கச் சொல்ல நமக்கு என்ன உரிமை? அவருக்கும் முருகனுக்கும் உள்ளது அவர்கள் விஷயம். அதனால் விதி வீட்டு அடுப்புக்கும் ஃபிரிட்ஜுக்கும்தான். அந்த 48 நாளும் வீட்டில் அசைவம் சமைப்பதில்லை, பொட்டலம் வாங்கி வந்து ஃபிரிட்ஜில் வைப்பதும் இல்லை. வெளியே சாப்பிட்டு வந்தால் கை கால் கழுவிவிட்டு வரட்டும், யாரும் கேட்க மாட்டோம். அவர் மத்தியானம் ரயில் நிலையத்துப் பக்கம் கடையில் சாப்பிட்டுக்கொண்டார். மூன்றாவது வாரத்தில் அவராகவே செவ்வாய், வெள்ளி மட்டும் சைவம் என்று மாறினார். நாங்கள் கேட்கவில்லை. பாராட்டவும் இல்லை, பாராட்டினால் அது பரீட்சை போல ஆகிவிடும்.

குடி. இதுதான் கஷ்டமானது. மாதத்தில் ஒன்றிரண்டு தரம் பழைய லாரிக் கூட்டாளிகளோடு குடிப்பார். என் வீட்டுக்காரர் அவரை மோட்டாரில் வெளியே கூட்டிக்கொண்டு போய்த் தனியாகச் சொன்னார். வீட்டில் பாட்டில் வரக்கூடாது. குடித்துவிட்டு மோட்டார் எடுக்கக்கூடாது, எத்தனை மணியானாலும் போன் போடுங்க, நான் வந்து ஏத்திக்கிறேன். வந்தால் நேராகப் படுக்கை, அன்றைக்குப் பேச்சே கிடையாது, எதுவாக இருந்தாலும் மறுநாள்.

மீறினால் என்ன? இங்கேதான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். "மீறினா வெளிய போகணும்" என்று சொல்லிவிடுகிறார்கள். 64 வயது, ஒரு கண் இன்னும் ஆபரேஷன் ஆகவில்லை, ஊரில் வீடு இல்லை. அவரை நீங்கள் வெளியே அனுப்பப் போவதில்லை. அது உங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். செய்யவே முடியாத தண்டனையைச் சொன்னால் அந்த விதி மட்டும் இல்லாமல் மற்ற விதிகளும் சேர்ந்து செத்துப் போகும். எங்களால் செய்ய முடிந்ததைச் சொன்னோம்: "மாமா, அப்படி நடந்தா மறுநாள் நான் தம்பிக்கு ஜொகூருக்குப் போன் போடுவேன். உங்க முன்னாலேயே போடுவேன்." தீபாவளி வாரத்தில் ஒரு இரவு அது நடந்தது. சத்தம், ஹாலில் பாட்டு, அத்தை அழுகை. அன்றிரவு யாரும் வாய் திறக்கவில்லை. காலையில் வீட்டுக்காரர் ஸ்பீக்கரில் போன் போட்டார். குறை சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். மகன் அந்தப் பக்கம், "அப்பா, அவங்க இடத்துல இருக்கோம்பா" என்றார். சித்தப்பா அன்றைக்குச் சாப்பிடவில்லை. அடுத்த நாள் சாப்பிட்டார். அதற்குப் பிறகு இரண்டு தரம் நடுராத்திரிக்குப் போன் வந்தது, வீட்டுக்காரர் போய் ஏற்றிக்கொண்டு வந்தார். விதி வேலை செய்கிறது என்று எங்களுக்குத் தெரிந்தது அந்தப் போன்களில்தான். குடிப்பது நிற்கவில்லை.

இன்னொன்று, யாரும் யோசிக்காதது: முகவரி. ஆஸ்பத்திரிக் கடிதங்கள் ஊருக்குப் போய்த் தொலைந்தன, அதனால் சித்தப்பா ஐசியில் முகவரியை மாற்ற வேண்டும் என்றார். நியாயம். இடம் மாறினால் 30 நாளுக்குள் பதிவிலாகாவில் மாற்ற வேண்டும் என்றே சட்டம். மாற்றச் சம்மதித்தோம், ஆனால் ஒரு கோடு போட்டோம். இந்த முகவரியையும் எங்கள் போன் நம்பர்களையும் எந்தக் கடனுக்கும், எந்த ஜாமீனுக்கும், கூட்டாளி கடனுக்குக்கூடக் கொடுக்கக்கூடாது. ஆலோங் கதவில் சிவப்புச் சாயம் ஊற்றிவிட்டுப் போவது நம் வட்டாரத்துக்குப் புதிது இல்லை. வாங்கியவர் ஒருவர், சாயம் துடைப்பவர் இன்னொருவர். ஏற்கனவே ஏதாவது கடன் இருந்தால் இன்றைக்கே சொல்லுங்கள், திட்ட மாட்டோம் என்றார் வீட்டுக்காரர். ஒன்று இருந்தது. நல்லவேளை, கூட்டுறவுக் கடன், சின்னத் தொகை, மகன் கட்டிக்கொண்டிருக்கிறார். அந்தக் கேள்வியைக் கேட்காமல் யாருக்கும் முகவரி கொடுக்காதீர்கள். அரசாங்க ஃபிளாட்டில் வாடகைக்கு இருப்பவர்கள் ஒப்பந்தத்தில் யார் யார் தங்கலாம் என்று போட்டிருப்பதையும் முதலில் பாருங்கள்.

இதெல்லாம் வேலை செய்யாத இடங்களும் உண்டு. சமையல்கட்டில் கேட்ட மூன்று பேரில் ஒருவர் வீட்டில், கொழுந்தனார் சொன்னதைப் பத்து நிமிஷத்தில் மறந்துவிடுகிறார், கேஸை மூடுவதில்லை, பக்கத்து மாடிக் கதவைத் தட்டுகிறார். அவருக்கு விதி எழுதி ஒட்டிப் பயன் இல்லை. கிளினிக் கெசிஹாத்தானுக்குக் கூட்டிக்கொண்டு போய் ஞாபகமறதி என்று சொல்லிப் பரிசோதிக்கச் சொல்லுங்கள் என்றேன். பிடிவாதத்துக்கும் நோய்க்கும் வித்தியாசம் தெரிய ஒரு சின்ன வழி: பிடிவாதக்காரர் தனக்குப் பிடிக்காததை மட்டும் மறப்பார், நோயாளி தனக்குப் பிடித்ததையும் மறப்பார். இது டாக்டர் சொன்னது இல்லை, நான் பார்த்தது. கை நீட்டுகிறவர், மிரட்டுகிறவர் என்றால் குடும்பக் கூட்டம் போட்டுப் பேசிக்கொண்டிருக்காதீர்கள். போலீஸ் இருக்கிறது, தாலியான் காசே 15999 இருக்கிறது.

அன்று பேசும்போது முடிவுத் தேதி ஒன்றும் வைத்தோம். "எப்பப் போவீங்க" என்று இல்லை. "ரெண்டாவது கண்ணு ஆபரேஷன் முடிஞ்சதும் உக்காந்து பேசுவோம்" என்று. அது கார்த்திகையில் முடிந்தது, பேசினோம். அவர் இருப்பதாகச் சொன்னார், நாங்களும் சரி என்றோம். அந்தப் பேச்சில் அவர் பக்கத்திலிருந்தும் இரண்டு கோரிக்கை வந்தது. மகன் ராத்திரி போனில் கேம் விளையாடும் வெளிச்சம் கண்ணைக் குத்துகிறதாம். பதினொன்றுக்கு மேல் நிறுத்த வேண்டும் என்றார், நிறுத்தியாயிற்று. இன்னொன்று, தனக்கு ஒரு வேலை வேண்டும் என்றார். "சும்மா உக்காந்து தின்னா ஒடம்புல ஒட்டல." இப்போது காலைச் சந்தைக்கு அவர்தான் போகிறார். என்னைவிடக் கீரை நன்றாகப் பார்த்து வாங்குகிறார், ஆனால் சொன்னதைவிட இரண்டு கட்டு கூட வாங்கிவிடுகிறார்.

அடுத்த பேச்சு பங்குனி உத்திரம் முடிந்து வரும் ஞாயிறு. ஐந்தடியில் சுருட்டு பிடிக்கிற விஷயம் பாக்கி இருக்கிறது. பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி இரண்டு தரம் சொல்லிவிட்டார். இதை யார் பேசுவது என்று அத்தைக்கும் வீட்டுக்காரருக்கும் இன்னும் முடிவாகவில்லை.